டிரைவ் மெயில் மழை: எதை நிறுத்தினேன், எதை விட்டுவைத்தேன்

பழைய அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த பெண் போன வாரம் கேட்டாள்: "அக்கா, காலையில மெயிலைத் திறந்தா பையர் மெயில் எங்க இருக்குன்னே தெரியல. எல்லாம் டிரைவ் கமெண்ட்டும் ஷேரும்தான். உங்களுக்கும் இப்படித்தானா?" அவளுக்கு வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன். கூகுள் டிரைவ் என்றால் என்ன, எப்படிக் கோப்பு ஏற்றுவது என்பதெல்லாம் இதில் வராது. மெயில் தொல்லை மட்டும்தான் பேச்சு.

திருப்பூரில் ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் நான் மெர்ச்சண்டைசர். எங்களிடம் ஸ்டைலுக்கு ஒரு ஃபோல்டர். அதற்குள் உடையின் தையல் விவரமெல்லாம் எழுதிய டெக் பேக், அளவு விளக்கம், சாய நிறத்துக்கான லேப் டிப் ஒப்புதல், டிரிம்ஸ் பட்டியல், தேதிகள் எழுதிய ஷீட். பேட்டர்ன் மாஸ்டர், புரொடக்‌ஷன், க்யூசி, பையரின் ஆள் என்று எல்லோருக்கும் அதில் கை உண்டு. சீசன் நேரத்தில் இப்படி ஒரு அடுக்கு ஃபோல்டர்கள் ஒரே சமயத்தில் ஓடும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த மெயில்கள் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. கமெண்ட் மெயில் ஒரு முகவரியிலிருந்தும் ஷேர் மெயில் வேறொரு முகவரியிலிருந்தும் வரும். ஷீட்டில் யாராவது எதையாவது மாற்றினால் வருவது மூன்றாவது வகை. மூன்றையும் ஒரே பட்டனில் அடக்கப் பார்த்தால், டிரைவ் செட்டிங்ஸில் Notifications பகுதிக்குப் போய் ஈமெயிலையே மொத்தமாக அணைக்கத்தான் தோன்றும். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் அப்படித்தான் அணைத்தார். அதற்கப்புறம் அவர் பெயரில் ஒதுக்கிய வேலைகள் அப்படியே கிடந்தன. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்த அளவுக்கு வந்து குவிந்தது.

ஷேரிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதில் தீர்வு சுலபம், கோபமும் எனக்கு அதில்தான் அதிகம். ஒரு கோப்பை ஒருவரோடு பகிரும்போது வரும் பெட்டியில் Notify people என்று ஒரு டிக் இருக்கும். யாரும் தொடாவிட்டால் அது போட்டபடியே இருக்கும். எங்கள் சீனியர் ஒருவர் ஃபோல்டரைப் பகிர மாட்டார். உள்ளே இருக்கும் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, டீம் முழுவதற்குமான குழு முகவரியைப் போட்டு, Send அழுத்துவார். பத்துக் கோப்பு என்றால் பத்து மெயில், அதுவும் குழுவில் இருக்கிற ஒவ்வொருவருக்கும். சாம்பிள் ரூமில் உட்கார்ந்து நூல் வெட்டுகிற பையனுக்குக்கூட டிரிம்ஸ் பட்டியல் வந்து சேரும்.

ஃபோல்டரை ஒரு தடவை பகிர்ந்தால் ஒரு மெயிலோடு முடிந்தது. அதற்குப் பிறகு அந்த ஃபோல்டருக்குள் போடும் கோப்பு எல்லாவற்றுக்கும் அதே அனுமதி தானாக வந்துவிடும், புதிதாக மெயில் போகாது. ஆகவே எங்கள் ஏற்பாடு இதுதான்: ஸ்டைல் தொடங்கும்போது ஃபோல்டரை மட்டும் டிக்கோடு பகிர்வது, பிறகு தனிக் கோப்பை யாருக்காவது கொடுக்க நேர்ந்தால் டிக்கை எடுத்துவிட்டு, லிங்க்கை வாட்ஸ்அப்பில் போடுவது. டிக்கை எடுத்தால் எதிரில் இருப்பவருக்கு ஒரு சத்தமும் கேட்காது. கோப்பு அவருடைய Shared with me பட்டியலில் போய் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். "எனக்கு வரவே இல்லையே" என்று யாராவது சொன்னால் முதலில் அங்கே பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது கமெண்ட். இங்கேதான் எனக்கு இன்றுவரை தீராத எரிச்சல். ஒரு டாக்குமெண்டைத் திறந்து Tools மெனுவில் Notification settings போனால், கமெண்ட்டுகளுக்கு மூன்று வழி இருக்கும்: எல்லாமே வரட்டும், எனக்கானது மட்டும் வரட்டும், எதுவுமே வேண்டாம். நடுவில் இருப்பதுதான் வேண்டியது. நம் பெயரைக் குறிப்பிட்டால், நமக்கு வேலை ஒதுக்கினால், நாம் பேசிய கமெண்ட் இழையில் யாராவது பதில் போட்டால் வரும். மற்றவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது வராது. மற்றவர்கள் உருவாக்கிய கோப்புகளில் எனக்கு இது ஏற்கெனவே இப்படித்தான் இருந்தது. நான் உருவாக்கியவற்றில்தான் ‘எல்லாமே’ என்று நின்றது. ஸ்டைல் ஃபோல்டரில் பெரும்பாலான கோப்பை உருவாக்குபவள் மெர்ச்சண்டைசர். அப்படியானால் மழை யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, மாற்றிவிட்டால் போயிற்று என்றால், இந்த அமைப்பு கோப்புக்குக் கோப்பு தனித்தனி. ஃபோல்டரில் ஒரு தடவை சொல்லி உள்ளே இருக்கும் அத்தனைக்கும் பொருந்தச் செய்ய வழி கிடையாது. அனுமதி மட்டும் ஃபோல்டரிலிருந்து கோப்புக்கு அழகாக இறங்குகிறது. அறிவிப்பு ஏன் இறங்கக் கூடாது? புது ஸ்டைல் வரும்போதெல்லாம் கோப்பு கோப்பாகத் திறந்து மாற்றிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

பையரின் ஆள் டெக் பேக்கைப் பார்க்கும் நாளில் இது உச்சத்துக்குப் போகும். அவர் Suggesting முறையில் திருத்துவார். கழுத்து அகலத்தில் ஒரு எண், தையல் குறிப்பில் ஒரு சொல், லேபிள் இடத்தில் ஒரு வரி. ஒவ்வொரு திருத்தமும் கமெண்ட் கணக்கில்தான் சேரும். அடுத்தடுத்துப் போட்டால் சிலவற்றைச் சேர்த்து ஒரே மெயிலாக அனுப்பும், நியாயமாக அதைச் சொல்ல வேண்டும். ஆனால் அவர் ஒரு பக்கம் பார்த்துவிட்டு டீ குடித்து வந்து அடுத்த பக்கம் பார்த்தால், அது வேறு மெயில்.

கடைசியில் எனக்குக் கைகொடுத்தது டிரைவ் அல்ல, ஜிமெயில் ஃபில்டர். கமெண்ட் மெயில் எல்லாம் ஒரே முகவரியிலிருந்து வருவதால் இதைச் செய்ய முடிகிறது. ஜிமெயில் தேடல் பெட்டியில் முதலில் இதைப் போட்டுப் பாருங்கள்:

```
from:comments-noreply@docs.google.com -"assigned you" -"mentioned you"
```

நமக்கு வேலை ஒதுக்கியதும் நம் பெயரைக் குறிப்பிட்டதும் தவிர மற்றக் கமெண்ட் மெயில்கள் வந்து நிற்கும். நேராக ஃபில்டர் போட்டுவிடாமல், வந்த பட்டியலில் நாலைந்தைத் திறந்து பாருங்கள். உங்களுக்கான வேலை ஏதாவது அதில் சிக்கியிருந்தால், உங்களுக்கு வரும் மெயிலின் வாசகம் வேறு என்று அர்த்தம். கணக்கின் மொழியை ஆங்கிலம் அல்லாமல் வைத்திருந்தால் வாசகமும் மாறும். அப்போது உங்கள் மெயிலில் இருக்கும் சொற்களையே மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். பட்டியல் சரியாக இருந்தால் ஃபில்டரை உருவாக்கி, இன்பாக்ஸைத் தவிர்க்கவும் ‘கமெண்ட்’ என்று ஒரு லேபிள் போடவும் சொல்லுங்கள். கூடவே பழைய மெயில்களுக்கும் பொருத்தச் சொன்னால், குவிந்து கிடப்பதும் அங்கிருந்து கிளம்பிவிடும்.

அந்தக் கழித்தல் குறிகள் ஏன் என்று அவள் கேட்டாள். ஜிமெயில் ஃபில்டர்களுக்கு முன் பின் வரிசை இல்லை. ஒரு மெயிலுக்கு இரண்டு ஃபில்டர் பொருந்தினால் இரண்டுமே வேலை செய்யும். ‘கமெண்ட் எல்லாம் ஒதுங்கு’ என்று ஒன்றும், ‘எனக்கானதுக்கு நட்சத்திரம் போடு’ என்று இன்னொன்றும் வைத்தால், நமக்கான மெயில் நட்சத்திரத்தோடு இன்பாக்ஸை விட்டுப் போய்விடும். யாரும் பார்க்காத இடத்தில் நட்சத்திரம் இருந்து என்ன பயன்? ஆகவே முதல் ஃபில்டரிலேயே விதிவிலக்கைச் சொல்லிவிட வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை உண்டு. நான் தொடங்கிய இழைக்குப் பையர் பதில் போட்டு, அதில் என் பெயரைக் குறிப்பிடாவிட்டால் அதுவும் லேபிளுக்குள் போய்விடும். லேப் டிப் ஒப்புதல் மாதிரி ஒரு நாள் தாமதமானாலும் டையிங் நின்றுவிடும் விஷயங்களுக்கு இது ஆகாது. அந்த ஒரு கோப்பின் பெயரையும் கழித்தல் குறியோடு ஃபில்டரில் சேர்த்திருக்கிறேன். கமெண்ட் மெயிலின் தலைப்பில் கோப்பின் பெயர் வரும் என்பதால், எல்லா ஸ்டைலிலும் அந்தக் கோப்புக்கு ஒரே மாதிரி பெயர் வைத்தால் போதும். பெயர் வைப்பதில் ஒழுங்கு வேண்டும் என்று நான் கத்திக்கொண்டிருந்தபோது கேட்காதவர்கள், இதற்காகவாவது கேட்டார்கள்.

ஷீட் கதை சின்னது. தேதி ஷீட்டில் எந்த மாற்றமானாலும் உடனே மெயில் வரும்படி வைத்திருந்தேன். அதில் நாள் முழுக்க ஆட்கள் கை வைப்பார்கள். Tools மெனுவிலேயே திருத்த அறிவிப்புகளுக்குப் போய், உடனுக்குடன் என்பதை நாளுக்கு ஒரு தொகுப்பு என்று மாற்றினேன். மாலையில் ஒரே மெயில். நிம்மதி.

எரிச்சலை மட்டும் சொன்னால் நியாயம் ஆகாது. இந்தக் கமெண்ட் மெயிலில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு: ஜிமெயிலில் அந்த மெயிலுக்குள்ளேயே பதில் எழுதலாம், இழையை முடித்தும் வைக்கலாம். டாக்குமெண்டைத் திறக்க வேண்டாம். யூனிட்டில் நெட் மந்தமாக இருக்கும்போது, படங்கள் நிறைந்த டெக் பேக் திறப்பதற்குள் விடிந்துவிடும். மெயிலில் ‘ஓகே, ப்ரொசீட்’ என்று தட்டினால் அது போய்க் கமெண்ட்டில் நிற்கும். இதற்காகத்தான் மெயிலை மொத்தமாக அணைக்க எனக்கு மனம் வரவில்லை.

மொத்தத்தில் எப்படி என்று கேட்டால், சீசன் நடுவில் கேட்காதீர்கள். இன்றைக்குக் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான் கொடுப்பேன். இவ்வளவு நல்ல பொருளில் ஃபோல்டர் அளவில் ஓர் அமைப்பு இல்லாதது பொறுக்கவில்லை. வேறு எதற்கும் மாறப்போவதும் இல்லை.

ஒன்றை விட்டுவிட்டேன். மெயிலை எவ்வளவு ஒழுங்குபடுத்தினாலும் போன் அதிர்ந்துகொண்டே இருந்தால் குழம்ப வேண்டாம், அது டிரைவ் ஆப்பும் டாக்ஸ் ஆப்பும் தனியாக அனுப்புவது. ஜிமெயில் ஃபில்டர் அதைத் தொடாது. ஆண்ட்ராய்டில் போன் செட்டிங்ஸில் அந்த ஆப்பின் அறிவிப்புகளுக்குப் போய்த் தனியாக அணைக்க வேண்டும். நான் டிரைவை அணைத்துவிட்டு டாக்ஸை வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் இரண்டையும் அணைக்கச் சொல்கிறார்.