நான்கு ஆண்டுகளாக ஒரு தவணை விரிதாள்: பன்னிரண்டால் வகுப்பதில்தான் எனக்குக் கோபம்

நான் பயன்படுத்தும் அதே ஆயத்த விரிதாளை வைத்துக்கொண்டு நண்பர் ஒருவர் கடந்த வாரம் கேட்டார்: "கடன் கொடுத்தவர்கள் மாதத் தவணை 2,193.57 என்கிறார்கள். இதில் 2,224.44 வருகிறது. யார் கணக்கு தப்பு?" கடன் 1,00,000, காலம் 60 மாதம், பயனுறு ஆண்டு வட்டி 12 சதவீதம்.

தப்பு விரிதாளுடையது. நான்கு ஆண்டுகளாக என்னை உறுத்தும் அதே இடம். வட்டிக் கட்டத்தில் எந்த விகிதத்தை இட்டாலும் அது பேசாமல் 12-ஆல் வகுத்துவிடுகிறது. பயனுறு விகிதம் என்பது வட்டிக்கு வட்டியும் சேர்ந்த பிறகு ஆண்டு முடிவில் நிற்கும் விகிதம். அதை வகுத்து மாதத்துக்கு 1 சதவீதம் என்று வைத்தால், கூட்டு வட்டி இரண்டாம் முறையாக ஏறி, ஆண்டு வட்டி 12.68 சதவீதமாகிவிடுகிறது. வகுப்பதற்குப் பதில் பன்னிரண்டாம் மூலம் எடுக்க வேண்டும். ஆண்டு விகிதம் B2-இல் இருந்தால், B3-இல் மாத விகிதமும் B4-இல் தவணையும் இப்படி:

```
=(1+B2)^(1/12)-1
=PMT(B3,60,-100000)
```

மாத விகிதம் 0.948879 சதவீதம், தவணை 2,193.57. மாதத்துக்கு 30.87 தான் வித்தியாசம். ஆனால் 60 மாதத்தில் அது 1,852 ஆகிறது.

எனக்கு ஆத்திரம் வருவதற்குக் காரணம், இந்தப் பிழை தன்னைக் காட்டிக்கொள்வதே இல்லை. தவறான விகிதத்திலும் கடைசி வரிசையில் நிலுவை அழகாகப் பூஜ்யம் ஆகிறது. தவணையும் அதே விகிதத்தில் கணக்கிடப்பட்டதால் வேறெப்படியும் ஆகாது. நண்பரும் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துத்தான் நம்பியிருக்கிறார். நான் வேறு விதமாகச் சோதிப்பேன். தவணையைப் பூஜ்யமாக்கி, 12 மாதம் வட்டியை மட்டும் ஏறவிட வேண்டும். நிலுவை சரியாக 1,12,000-இல் நின்றால் விகிதம் சரி. 1,12,682.50 என்று வந்தால் யாரோ வகுத்திருக்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் இருப்பது மாதாமாதம் கூட்டப்படும் பெயரளவு விகிதம் என்றால் 12-ஆல் வகுப்பதே முறை. அங்கே மூலம் எடுத்தால் தவணை குறைந்து காட்டும். ஆகவே விகிதம் எந்த வகை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பயனுறு விகிதத்தைப் பெயரளவு விகிதமாக மாற்ற NOMINAL சார்பைப் பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது தருவது 11.3866 சதவீதம் என்ற ஆண்டு விகிதம். அதை மட்டும் 12-ஆல் வகுக்கலாம்.

திரையில் 0.95% என்று சுருங்கித் தெரிவதைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்யவும் கூடாது. தவணை 2,194.24 ஆகிவிடும். கட்டத்தையே சுட்ட வேண்டும்.

மற்றபடி இந்த விரிதாளில் குறை சொல்ல எதுவுமில்லை. முன்கூட்டிச் செலுத்தும் அசலை அது கையாளும் விதம், நான் பார்த்த எதையும்விடத் தெளிவு. ஆனாலும் இன்று யார் கேட்டாலும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே ஒரு கட்டத்தில் "பயனுறு விகிதமா, பெயரளவா?" என்று கேட்டிருந்தால் போதும், நான்கு ஆண்டுகளாகக் கேட்கவில்லை.