பொது பவரா, சிறப்பு பவரா: வெளிநாட்டில் இருந்துகொண்டு தம்பிக்கு எழுதிக் கொடுக்கும் முன்

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தமிழ்நாட்டில் உள்ள தன் மனைக்காக உறவினருக்குப் பவர் கொடுக்கும்போது, பெரும்பாலும் பத்திர எழுத்தர் வைத்திருக்கும் பழைய நகலில்தான் கையெழுத்துப் போடுகிறார். அந்த நகலில் இப்படி ஒரு வரி இருக்கும்: "மேற்படி சொத்தை விற்கவும், அடமானம் வைக்கவும், தானமாகவோ செட்டில்மெண்டாகவோ எழுதிக் கொடுக்கவும், கிரயத் தொகையைப் பெற்றுக்கொண்டு ரசீது கொடுக்கவும்..." பட்டா மாற்றத்துக்காக எழுதும் பவரில் இந்த வரிக்கு என்ன வேலை? இதுதான் பொது அதிகார ஆவணம். ஒரு சொத்தைப் பொறுத்தவரை உரிமையாளர் செய்யக்கூடிய ஏறக்குறைய எல்லாவற்றையும், பவர் வாங்கிய முகவரும் செய்யலாம். சிறப்பு அதிகார ஆவணம் குறிப்பிட்ட ஒரு காரியத்துக்கு மட்டுமானது. அந்தக் காரியம் முடிந்தால் அதிகாரமும் முடிந்தது.

ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். அண்ணன் துபாயில் இருக்கிறார். ஊரில் அவர் பெயரில் ஒரு மனை. பட்டா மாற்ற வேண்டும், வேலி போட வேண்டும் என்று தம்பிக்குப் பொது பவர் கொடுக்கிறார். மூன்று வருடம் கழித்து இருவருக்கும் பேச்சு முறிகிறது. "பவரை ரத்து செய்துவிட்டேன், இனி பயன்படுத்தாதே" என்று அண்ணன் தம்பிக்கு மெசேஜ் அனுப்புகிறார். அதோடு காரியம் முடிந்தது என்று நினைக்கிறார். அடுத்த மாதமே தம்பி அந்த மனையை ஒருவருக்கு 40 லட்சத்துக்குக் கிரயம் செய்து, பணத்தைத் தன் கணக்கில் வாங்கிக்கொள்கிறார்.

இங்கே அண்ணனின் நிலை என்ன? இந்திய ஒப்பந்தச் சட்டம் 208-வது பிரிவின்படி, ரத்து என்பது முகவருக்கு அவர் அறியும்போதும், மூன்றாம் நபருக்கு அவர் அறியும்போதும்தான் செல்லுபடியாகும். தம்பிக்குத் தெரியும், சரி. மனை வாங்கியவருக்குத் தெரியாது. அசல் பவர் தம்பி கையில் இருந்தது, பதிவேட்டில் ரத்து எதுவும் இல்லை. நல்லெண்ணத்தோடு வாங்கியவரிடமிருந்து மனையை மீட்பது மிகக் கடினம். 213-வது பிரிவின்படி தம்பியிடம் கணக்குக் கேட்டு வழக்குப் போடலாம். அது பணத்துக்கான வழக்கு. அந்தப் பணம் அதற்குள் எங்கே போயிருக்கும் என்பது யாருக்குத் தெரியும்?

இதே அண்ணன், பட்டா மாற்றம், வேலி, வரி கட்டுதல் ஆகியவற்றுக்கு மட்டும் சிறப்பு பவர் கொடுத்திருந்தால் கதையே வேறு. அதிகார ஆவணத்தை நீதிமன்றங்கள் கறாராகத்தான் படிக்கின்றன. எழுதாத அதிகாரம் இல்லாத அதிகாரம். விற்கும் அதிகாரம் அதில் இல்லை என்பது வாங்குபவரின் வக்கீல் ஆவணத்தைப் படித்தவுடனே தெரிந்துவிடும். மீறி எழுதிய கிரயமும் அண்ணனைக் கட்டுப்படுத்தாது.

ஆனால் தலைப்பை நம்பிவிடாதீர்கள். மேலே 'சிறப்பு' என்று எழுதி, உள்ளே "இன்னும் தேவைப்படும் எல்லாக் காரியங்களையும் செய்யவும்" என்று ஒரு வரி வைத்துவிடுவார்கள். ஆவணத்தின் தன்மையைத் தீர்மானிப்பது ஷரத்துகள்தான். இன்னொரு வரியையும் தேடிப் பாருங்கள்: முகவரிடமிருந்து தொகை பெற்றுக்கொண்டு இந்தப் பவர் எழுதப்படுகிறது, இதை ரத்து செய்ய முடியாது என்ற வரி. சொத்தில் முகவருக்கே உண்மையில் ஒரு உரிமை இருந்தால், 202-வது பிரிவின்படி அவருக்குப் பாதகமாக அதிகாரத்தை முடித்துவிட முடியாது. வாங்காத பணத்தை வாங்கியதாக எழுதினால், அதை நீங்களே பிறகு மறுத்து நிரூபிக்க வேண்டியிருக்கும்.

சிறப்பு பவருக்கும் ஒரு கஷ்டம் உண்டு, அதை மறைக்கக்கூடாது. கிரயத்துக்கு மட்டும் பவர் கொடுத்திருப்பீர்கள். பதிவான பிறகு சர்வே எண்ணில் ஒரு தவறு தெரியவரும். பிழைத்திருத்தல் பத்திரத்துக்கு அதிகாரம் எழுதப்படவில்லை. அப்புறம் மறுபடி தூதரகத்தில் நேரம் வாங்கி, விடுப்புப் போட்டு, பாஸ்போர்ட்டோடு போய், அதிகாரி முன் கையெழுத்துப் போட வேண்டும். பலர் பொது பவருக்குப் போவதே இந்த அலைச்சலுக்குப் பயந்துதான். அதற்காக எல்லா அதிகாரத்தையும் தூக்கிக் கொடுக்க வேண்டியதில்லை. "இந்தக் கிரயம் தொடர்பான பிழைத்திருத்தல் உட்பட" என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

விற்பனைக்கே உறவினர் தேவை என்றால், வாங்குபவர் பெயரையும் குறைந்தபட்ச விலையையும் ஆவணத்திலேயே எழுதுங்கள். கிரயத் தொகை முழுவதும் உங்கள் என்.ஆர்.ஓ. கணக்கில் மட்டுமே செலுத்தப்பட வேண்டும், ரொக்கமாகவோ முகவர் கணக்கிலோ பெற அதிகாரம் இல்லை என்றும் எழுதுங்கள். என்னைப் பொறுத்தவரை ஆவணத்திலேயே மிக முக்கியமான வரி இதுதான். உதாரணத்தில் அண்ணன் இழந்தது இந்த ஒரு வரி இல்லாததால்தான்.

இதைவிடவும் குறுகலான ஒரு வழி இருக்கிறது, அதிகம் பேர் யோசிப்பதில்லை. கிரயப் பத்திரத்தில் நீங்களே வெளிநாட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்புவது. அதைச் சார்பதிவாளரிடம் தாக்கல் செய்து, எழுதிக் கொடுத்ததை ஒப்புக்கொள்ள மட்டும் உறவினருக்குச் சிறப்பு பவர் கொடுப்பது. விலையும் வாங்குபவரும் உங்கள் கையெழுத்துக்கு மேலேயே இருப்பதால் உறவினர் எதையும் மாற்ற முடியாது. வெளிநாட்டில் எழுதப்பட்ட பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த நான்கு மாதத்துக்குள் தாக்கல் செய்தால் ஏற்கப்படும் என்று பதிவுச் சட்டம் 26-வது பிரிவு சொல்கிறது. புகைப்படம், கைரேகை விஷயத்தில் அலுவலகத்துக்கு அலுவலகம் கேள்வி எழலாம். அனுப்பும் முன்பே அந்தச் சார்பதிவாளரிடம் வரைவைக் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது.

பவர் எதுவாக இருந்தாலும், பத்திரப் பதிவுக்குப் பயன்பட வேண்டுமென்றால் அங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரி முன்போ நோட்டரி முன்போ கையெழுத்தாகி, அவர் சான்றளித்திருக்க வேண்டும். இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். ஆவணம் வந்த கூரியர் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வந்து சேர்ந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

ரத்து செய்யும்போதும் மெசேஜ் போதாது. ரத்து ஆவணம் எழுதி, பவர் பதிவான அதே அலுவலகத்தில் அதையும் பதிவு செய்யுங்கள். முகவருக்கு ஒப்புகையோடு விரைவுத் தபாலில் தெரிவித்து, அசலைத் திரும்பக் கேளுங்கள். செய்தித்தாளில் அறிவிப்புக் கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து இந்த ரத்தைத் தாக்கல் செய்யவே வேறொருவருக்கு இன்னொரு சிறப்பு பவர் தேவைப்படலாம். அந்த நாட்களுக்குள் கிரயம் நடந்துவிடக்கூடாது என்பதால், சார்பதிவாளருக்கு எழுத்தில் தகவல் கொடுத்துவிட்டு, வில்லங்கச் சான்றை அடிக்கடி எடுத்துப் பாருங்கள்.