சேர்க்கை அறிவிப்பு: தலைப்பு வாரியாகவா, வகுப்பு வாரியாகவா?

எல்.கே.ஜி. முதல் 5ஆம் வகுப்பு வரை உள்ள ஒரு சின்னப் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். பழைய அறிவிப்பு ஒரே பத்தி: "மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகலுடன் மே 31க்குள் வரவும். கட்டணம் ரூ.12,000, புத்தகம் தனி." இதைப் படிக்கும் எல்.கே.ஜி. குழந்தையின் அம்மா, மாற்றுச் சான்றிதழுக்கு எங்கே போவது என்று திகைப்பார்.

முதல் வழி, வகுப்புகள், ஆவணங்கள், தேதிகள், கட்டணம் என நான்கு தலைப்புகள். ஆவணங்களை இரண்டாகப் பிரித்தால் அந்தக் குழப்பம் தீரும்: "எல்லாருக்கும்: பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், 2 புகைப்படம். வேறு பள்ளியிலிருந்து வருவோருக்குக் கூடுதலாக: மாற்றுச் சான்றிதழ்." தேதியிலும் அப்படித்தான். விண்ணப்பம் வாங்கும் நாள், திருப்பித் தரும் கடைசி நாள், கட்டணம் கட்டும் நாள் மூன்றும் வேறு வேறு. ஒற்றைத் தேதி போட்டால் மே 31 காலையில்தான் விண்ணப்பமே கேட்டு வருவார்கள்.

இரண்டாவது வழி, வகுப்புக்கு ஒரு வரி வைத்த அட்டவணை. கட்டணம் வகுப்புக்கு வகுப்பு மாறினால் இதுதான் வசதி. ஆனால் ஏழு வரியிலும் அதே ஆவணங்களும் தேதிகளும் திரும்பத் திரும்ப வரும். பிறகு தேதியைத் திருத்தும்போது ஆறில் மாற்றி ஒன்றை விட்டுவிடுவோம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எழுத்தும் பொடிசாகிவிடும்.

நான் தலைப்பு வாரியாகவே எழுதுவேன், கட்டணத்துக்கு மட்டும் சின்ன அட்டவணை: கல்விக் கட்டணம், புத்தகம், மொத்தம். "புத்தகம் தனி" என்ற இரண்டு சொல்லுக்குப் பதில் அங்கே ஒரு தொகை இருக்கும்.