செம்பருத்தி மொட்டு உதிர்கிறதா? மருந்து தேடும் முன் மொட்டைப் பிளந்து பாருங்கள்

செம்பருத்தி மொட்டு விரியாமல் உதிர்கிறது என்று யாரிடம் சொன்னாலும் வேப்பெண்ணெய் அடியுங்கள், உரம் போடுங்கள், தண்ணீரைக் குறையுங்கள் என்று ஆளுக்கொரு பதில் வரும். பல வருடங்களாகத் தொட்டியில் செம்பருத்தி வளர்க்கிறேன். இவை எல்லாவற்றையும் ஒவ்வொரு சமயத்தில் செய்து பார்த்திருக்கிறேன். எதுவுமே தவறான யோசனை இல்லை. ஆனால் காரணம் தெரியாமல் செய்தால் எதுவும் பலிப்பதில்லை. அந்தக் காரணத்தைச் சொல்லும் ஒரே சாட்சி கீழே விழுந்து கிடக்கும் மொட்டுதான். அதைப் பெருக்கித் தள்ளிவிட்டு மருந்து தேடுவதில் பயனில்லை.

என்னிடம் ஒற்றை இதழ் சிவப்பு ஒன்றும், அடுக்கு இதழ் இளஞ்சிவப்பு ஒன்றும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் இருக்கின்றன. ஒரே வெயில், ஒரே மண்கலவை, ஒரே நேரத்தில் தண்ணீர். சிவப்பு தினமும் பூத்துக்கொண்டிருக்க, அடுக்குச் செடியில் மட்டும் பட்டாணி அளவு தாண்டியதும் மொட்டுகள் மஞ்சளாகி விழத் தொடங்கின. வெயிலோ தண்ணீரோ காரணமாக இருந்தால் இரண்டிலும் ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும். அதனால் விழுந்த மொட்டு ஒன்றை எடுத்து, பிளேடால் நுனியிலிருந்து காம்பு வரை நீளவாக்கில் பிளந்தேன். உள்ளே இதழ் மடிப்புகளுக்கு நடுவே, கால்கள் இல்லாத, வெளிர் மஞ்சள் நிறப் பொடிப் புழுக்கள் நெளிந்தன. வெள்ளைத் தாளில் தட்டியதும் அவற்றில் சில உடலை வளைத்துச் சுண்டிவிட்டதுபோல் துள்ளின. அந்தத் துள்ளல்தான் மொட்டு ஈயின் புழுவுக்கு நல்ல அடையாளம்.

மொட்டு ஈ கொசுவை விடச் சிறியது. செடியில் உட்கார்ந்திருந்தாலும் நம் கண்ணில் படாது. மொட்டின் நுனியில் முட்டையிடும், புழு பொரிந்ததும் உள்ளே போய்விடும். மொட்டு விழுந்த பிறகு, சில சமயம் அதற்கு முன்பே, வளர்ந்த புழு வெளியேறி மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகிறது. முட்டையிலிருந்து அடுத்த ஈ பறக்கும் வரை சுமார் மூன்று, நான்கு வாரம். இந்தச் சுழற்சி புரிந்துவிட்டால், மேலே தெளிக்கும் மருந்து ஏன் தோற்கிறது என்பதும் புரிந்துவிடும். புழு மொட்டுக்குள், கூட்டுப்புழு மண்ணுக்குள், ஈயோ சில நாள்தான் உயிரோடு இருக்கும். தெளிப்பு சேரும் இடத்தில் பூச்சி இருப்பதே கொஞ்ச நேரம்.

எனக்குப் பலன் தந்தது கைவேலைதான். விழுந்த மொட்டுகளை அன்றன்றே பொறுக்கி, பாலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி வெயிலில் வைத்துவிடுவேன். மக்கு உரத்தொட்டியில் போடக் கூடாது, அங்கேயே கூட்டுப்புழுவாகிவிடும். செடியில் மஞ்சள் தட்டிய மொட்டுகளையும் விழும்வரை காத்திராமல் கிள்ளிவிட வேண்டும். பாதிப்பு அதிகமாக இருந்த சமயத்தில், நன்றாக இருந்த மொட்டுகளையும் சேர்த்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மனசுக்குக் கஷ்டமான வேலை. ஆனால் முட்டையிட மொட்டே இல்லாமல் ஒரு சுழற்சி போனால் ஈயின் எண்ணிக்கை சட்டென்று விழுகிறது. கூடவே தொட்டியின் மேல்மண்ணை இரண்டு விரல் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய மண் போட்டேன். ஏறக்குறைய ஒரு மாதத்துக்குப் பிறகு வந்த மொட்டுகளில் பெரும்பாலானவை விரிந்தன. இது நிரந்தரத் தீர்வு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்துச் செடிகளிலிருந்து ஈ திரும்ப வரும். மல்லிகை, தக்காளி, கத்தரி மொட்டுகளையும் இதே ஈ தாக்கும் என்பதால் அவை அருகில் இருந்தால் அங்கேயும் பார்க்க வேண்டும். மஞ்சள் ஒட்டு அட்டையும் தொங்கவிட்டேன். நிறையப் பூச்சி ஒட்டியது, மொட்டு உதிர்வதில் வித்தியாசம் தெரியவில்லை.

பிளந்த மொட்டில் புழு இல்லை, ஆனால் இதழ் ஓரம் பழுப்பாகிக் கோணலாக இருக்கிறது என்றால் இலைப்பேனைச் சந்தேகப்படுங்கள். மொட்டை வெள்ளைத் தாளின் மேல் தட்டினால் நூல் துணுக்கு மாதிரி மெலிந்த பூச்சிகள் ஓடும். இதற்கும், காம்பில் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கும் மாவுப்பூச்சிக்கும் வேப்பெண்ணெய் உதவுகிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு திரவ சோப்பு. வெயில் தாழ்ந்த பிறகு, வாரம் ஒரு முறை, இலையின் அடிப்பக்கமும் நனையும்படி அடிக்க வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும்.

உள்ளே எல்லாம் சுத்தமாக, இதழ் நிறம் மாறாமல் இருந்தால் பூச்சியை விட்டுவிட்டுத் தொட்டியைப் பாருங்கள். தண்ணீர்க் குறையில் பொடி மொட்டும் பெரிய மொட்டும் ஒன்றாக விழும், அடி இலைகளும் மஞ்சளாகும். இதில் ஏமாற்றும் விஷயம், செடி காய்ந்த அன்றே மொட்டு விழுவதில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து, நாம் நன்றாகத் தண்ணீர் ஊற்றிய பிறகு விழும். உடனே தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று நிறுத்திவிடுகிறோம், உதிர்வு இன்னும் கூடுகிறது.

தினமும் ஊற்றியும் செடி காயலாம். மண் ஒரு முறை நன்றாக உலர்ந்து சுருங்கினால் தொட்டியின் சுவரை விட்டு விலகிவிடும். ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாகச் சட்டென்று அடியில் வடியும், வேர்க்கட்டு உலர்ந்தபடியே இருக்கும். தண்ணீர் ஊற்றிய பிறகும் தொட்டி லேசாக இருந்தால் இதுதான் காரணம். அகலமான வாளியில் தண்ணீர் நிரப்பி, தொட்டியை அரை மணி நேரம் அதில் வைத்து எடுத்து, முழுதும் வடியவிட்டால் மண் மீண்டும் சேர்ந்துகொள்ளும். இதற்கு நேர்மாறாக, மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடினால், புளித்த வாடையும் வந்தால், அது வேர் அழுகல். அடித்துளை அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வெயிலின் கதை கொஞ்சம் வேறு. பகல் வெப்பம் 35 டிகிரி தாண்டி, இரவும் தணியாமல் நாலைந்து நாள் தொடர்ந்தால் என் செடிகளில் நாளை விரியப்போகிற பெரிய மொட்டுகளே விழுகின்றன. அடுக்கு இதழ் வகையில் மொட்டு பெரிது, அதற்கு வேண்டிய சக்தியும் அதிகம் என்பதால் அதுதான் முதலில் உதிர்க்கும். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் மேற்கு வெயில் பட்டால் உள்ளே வேர் வெந்துபோகிறது. செடிக்குக் குடை பிடிப்பதை விடத் தொட்டியின் சுவரை மறைப்பது எனக்கு அதிகப் பலன் தந்தது. இன்னொரு பெரிய தொட்டிக்குள் இறக்கி வைத்து, மண்ணின் மேல் காய்ந்த இலைகளைத் தடிமனாகப் பரப்பி, காலையிலேயே தண்ணீர் ஊற்றிவிடுவேன். வெயிலுக்குப் பயந்து செடியை ஒரேயடியாக நிழலுக்கு மாற்றினால் அந்த இடமாற்றத்துக்கும் மொட்டு உதிரும். அதனால் காலை வெயில் கிடைக்கிற, மதியத்துக்குப் பின் நிழல் விழுகிற இடமாகப் பார்த்து, கோடைக்கு முன்பே, மொட்டு குறைவாக இருக்கும்போது நகர்த்திவிடுவது நல்லது.