கப்புக்குக் காசா, மாதச் சந்தாவா? காபி மூலைக்கு இரண்டு அறிமுக உரைகள்

அலுவலகத்தில் ஒரு மேசை, ஒரு இன்டக்ஷன் அடுப்பு, பித்தளையிலோ எவர்சில்வரிலோ ஒரு ஃபில்டர், பக்கத்தில் சின்ன ஃபிரிட்ஜ். காபி மூலைக்கு இவ்வளவு போதும். அதைத் தொடங்கிவைத்து டீம் லீட் இரண்டு நிமிடம் பேசுவார். அந்தப் பேச்சு பெரும்பாலும் இரண்டு வகையில் ஒன்றாக இருக்கும்.

முதல் வகை: "குடிக்கிறவர்கள் கப்புக்கு 12 ரூபாய் டப்பாவில் போடுங்கள், இல்லை சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டைக்கு அனுப்புங்கள். அவரவர் டம்ளரை அவரவர் கழுவுங்கள். அவ்வளவுதான்."

இரண்டாம் வகை: "சேர விரும்புகிறவர்கள் மாதம் முதல் தேதி சந்தா கட்டிவிடுங்கள். கழுவுவதற்கு ஒரு முறைப்பட்டியல் போட்டிருக்கிறேன், ஒரு நாளைக்கு ஒரு பெயர்."

கேட்கும்போது முதலாவதுதான் இனிமையாக இருக்கும். குடிக்காதவர் கொடுக்க வேண்டாம், யாரையும் எதிலும் கட்டிப்போடவும் இல்லை. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தால் கதை வேறு.

12 பேர் கொண்ட ஒரு குழு, அதில் காபி குடிப்பவர்கள் 9 பேர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேர் நாளுக்கு ஒன்று, மூன்று பேர் இரண்டு, மூன்று பேர் மூன்று. மொத்தம் 18 கப். ஒரு கப்புக்கு 80 மில்லி பால் என்றால் ஒன்றரை லிட்டர், அதாவது அரை லிட்டர் பாக்கெட் மூன்று. பாக்கெட் 25 ரூபாய் என்று கொண்டால் 75. கப்புக்கு 8 கிராம் தூள் வீதம் 144 கிராம், கிலோ 800 ரூபாய் விலையில் சுமார் 115. சர்க்கரைக்கு ஏழெட்டு ரூபாய். ஆக நாளுக்கு 200 ரூபாய் சுமார். 22 வேலை நாளுக்கு 4400, சோப்பு, ஸ்க்ரப்பர், துடைக்கும் துணிக்கு ஒரு 200 சேர்த்தால் மாதம் 4600. உங்கள் கடை விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கின் வடிவம் மாறாது.

இப்போது கப்புக்கு 12 ரூபாய் என்றால் 18 கப்புக்கு 216 வரும். செலவு, சோப்பெல்லாம் சேர்த்து, நாளுக்கு 209. கையில் நிற்பது ஏழு ரூபாய்தான். ஒரே ஒரு கப்பின் காசு விடுபட்டாலே நட்டம். மூன்று கப் விடுபட்டால் மாதத்துக்கு அறுநூறு ரூபாய்க்கு மேல் துண்டு விழும். யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை. சில்லறை இல்லை, கையில் போன் இல்லை, மீட்டிங்குக்கு மணி ஆகிவிட்டது, "அப்புறம் போடுகிறேன்" என்று நகர்ந்தால் போதும்.

டப்பாவை நம்பலாமா என்பதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஒரு துறையின் பொது அறையில் இப்படி ஒரு காசு டப்பா இருந்தது. விலைப்பட்டியலுக்கு மேலே ஒரு வாரம் பூப் படம், மறு வாரம் நம்மை உற்றுப் பார்க்கும் கண்களின் படம் என்று மாற்றி மாற்றி ஒட்டினார்கள். கண் இருந்த வாரங்களில் ஏறக்குறைய மூன்று மடங்கு காசு விழுந்ததாக 2006இல் எழுதினார்கள். பின்னால் வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் எல்லாம் இதே பலன் கிடைக்கவில்லை, அதனால் சுவரில் கண் ஒட்டச் சொல்ல மாட்டேன். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது பூப் படம் இருந்த வாரங்கள்தான். படித்தவர்கள், ஒருவரையொருவர் தெரிந்தவர்கள், அப்படியும் அவ்வளவு குறைவாகப் போட்டிருக்கிறார்கள்.

டப்பா முறையின் பெரிய ஓட்டை இதுகூட இல்லை. பாலைக் காலையிலேயே வாங்கியாகிவிடுகிறது, தூளை ஃபில்டரில் போட்டு வெந்நீர் ஊற்றியாகிவிடுகிறது. அன்று மழை, பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை என்றால் 10 கப் ஓடி 120 ரூபாய்தான் வரும். செலவு ஏற்கெனவே நடந்துவிட்டது. மிச்ச டிகாக்ஷனை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் ஓட்டலாம், பிரித்த பால் பாக்கெட்டை எத்தனை நாள் வைப்பது? அந்த இழப்பு யார் பால் வாங்குகிறாரோ அவர் பையிலிருந்து போகிறது. அவர் வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார். கொஞ்ச நாளில் வாங்குவதை நிறுத்திக்கொள்வார்.

சந்தா முறையில் இந்தச் சிக்கல் இல்லை, வேறொன்று இருக்கிறது. 4600ஐ ஒன்பதால் வகுத்தால் தலைக்கு 511. நாளுக்கு ஒரு கப் குடிப்பவருக்கு அது கப்பு 23 ரூபாய், கீழே இறங்கினால் டீக்கடையிலேயே குடித்துவிடுவார். மூன்று கப் குடிப்பவருக்கு எட்டு ரூபாய்கூட ஆகாது. இதற்குத் தீர்வு இரண்டு படி: நாளுக்கு ஒரு கப் என்றால் 300, அதற்கு மேல் எத்தனை ஆனாலும் 620. மூன்று பேர் 300, ஆறு பேர் 620, மொத்தம் 4620. ஒரு கப்காரருக்கும் இரண்டு கப்காரருக்கும் கப்பு ஏறக்குறைய 14 ரூபாய் விழுகிறது. மூன்று கப்காரருக்கு மட்டும் கொஞ்சம் லாபம், போகட்டும். மூன்றாவது படி ஒன்று போடலாமே என்று யாராவது கேட்பார்கள். போட்டால் கப்பை எண்ண ஒரு ஆள் வேண்டும்.

சுத்தம் பற்றிய விதியிலும் இதே வேறுபாடுதான். "அவரவர் டம்ளரை அவரவர் கழுவுங்கள்" என்பது நல்ல விதி, டம்ளருக்கு மட்டும். பால் பாத்திரம் யாருடையது? ஃபில்டர் யாருடையது? காபி மூலை நாறுவது இந்த இரண்டாலும் சிங்க்காலும்தான். பால் காய்ச்சிய பாத்திரத்தில் உடனே தண்ணீர் ஊற்றாவிட்டால் அடியில் ஆடை காய்ந்து ஒட்டிக்கொள்ளும், சாயங்காலம் தேய்ப்பவருக்குக் கை வலிக்கும். ஃபில்டரின் சல்லடை ஓட்டைகளில் தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அடைத்துக்கொண்டால், வழக்கமாக இறங்குகிற நேரத்தில் டிகாக்ஷன் பாதிகூட இறங்காது. அப்போது தூள் சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுவோம். மேல் பாத்திரத்தைக் கொதிநீரில் ஊறவைத்து பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் சரியாகிவிடும். சக்கையைச் சிங்க்கில் கொட்டினால் குழாய் அடைக்கும், அது குப்பைக்கூடைக்கோ செடிக்கோ போக வேண்டும்.

இந்த வேலைகளுக்குப் பெயர் போடாவிட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண்ணோ, தரை துடைக்க வரும் அக்காவோ செய்வார்கள். யாரும் அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனாலும் செய்வார்கள். அதனால்தான் முறைப்பட்டியல் என்கிறேன். ஒன்பது பேர், நாளுக்கு ஒருவர் என்றால் மாதத்துக்கு இரண்டு மூன்று முறைதான் வரும், ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம். முதல் பெயர் டீம் லீடுடையதாக இருக்க வேண்டும். அக்காதான் கழுவ வேண்டும் என்று எல்லாரும் நினைத்தால், அதற்கான கூலியையும் 4600இல் சேர்த்து, அவரிடம் சம்மதம் கேட்டுவிட்டு அறிவியுங்கள்.

ஆக என் ஓட்டு இரண்டாவது உரைக்கு. நாலைந்து பேர் மட்டும் இருக்கிற, இன்ஸ்டன்ட் தூளும் பால் பவுடரும் வைத்து ஓட்டுகிற இடத்துக்கு டப்பாவே போதும், அங்கே வீணாகும் பால் கிடையாது. ஃபில்டர் காபி என்றால் இப்படிப் பேசலாம்:

"ஒரு ரெண்டு நிமிஷம். நாளையிலிருந்து இந்த மேசை நம் காபி மூலை. சேருவது கட்டாயம் இல்லை, சேராதவரை யாரும் கேட்கவும் கூடாது. நாளுக்கு ஒரு கப் என்றால் மாதம் 300, அதற்கு மேல் என்றால் 620. ஐந்தாம் தேதிக்குள் கொடுத்துவிடுங்கள். பில்லெல்லாம் இந்தக் கவரில் இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். விருந்தாளிக்குக் கொடுத்தால் கணக்கில்லை. உங்கள் டம்ளரை நீங்கள் கழுவுங்கள். பால் பாத்திரம், ஃபில்டர், சிங்க், இந்த மூன்றும் அன்றைய பெயர்க்காரருடைய வேலை. அவர் லீவு என்றால் அடுத்த பெயர். நாளைக்கு என் முறை. கெட்டிலில் பால் காய்ச்சாதீர்கள், அடிப்பிடித்துப் பொங்கிவிடும், அது வெந்நீருக்கு மட்டும். மூன்று மாதம் கழித்துப் பணம் மிஞ்சினால் சந்தாவைக் குறைப்போம், குறைந்தால் பில்லைக் காட்டிவிட்டு ஏற்றுவோம். கேள்வி இருக்கா?"

இதை வாட்ஸ்அப்பில் தட்டிவிடாமல், அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்று சொல்வது நல்லது. எது பால் பாத்திரம், சக்கை எங்கே போக வேண்டும் என்று கையால் காட்டிவிடலாம்.