கோன்பினியில் காசு கட்டுவது: போகும்போது சுகம், திரும்பும்போது வேதனை

ஜப்பானுக்குப் புதிதாக வந்திருக்கும் நண்பர் கேட்டார்: "கிரெடிட் கார்டு கேட்டேன், கிடைக்கல. ஆன்லைன்ல ஆர்டர் போட்டுட்டு கோன்பினியில காசா கட்டலாமா?" கோன்பினி என்றால் இங்கே பெரும்பாலும் நாள் முழுக்கத் திறந்திருக்கும் சின்னப் பலசரக்குக் கடை. வந்த புதிதில் நானும் அப்படித்தான் எல்லாம் வாங்கினேன். கார்டு வந்த பிறகும் அதை விடவில்லை. அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

கட்டுகிற பகுதியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆர்டரின் கடைசிப் பக்கத்தில் கோன்பினி முறையைத் தேர்ந்தெடுத்து, எந்தக் கடையில் கட்டப்போகிறோம் என்றும் சொல்லவேண்டும். செவன்-இலெவன் என்றால் பெரும்பாலும் பார்கோடு, அல்லது 13 இலக்க எண் வரும். அதைக் கல்லாவில் காட்டினால் போதும். லாசனில் சில ஆர்டர்களுக்கு முதலில் கடைக்குள் இருக்கும் லோப்பி என்ற இயந்திரத்தில் எண்ணை அடித்து ஒரு சீட்டு எடுக்க வேண்டும். அந்தச் சீட்டுக்கு ஆயுள் 30 நிமிடம்தான், அதனால் எடுத்த கையோடு வரிசையில் நின்றுவிடுங்கள். ஊழியர் பார்கோடை ஸ்கேன் செய்ததும் தொகை திரையில் வரும். சரிபார்த்துத் திரையைத் தொட்டு, ரொக்கத்தைக் கொடுத்தால் முடிந்தது. நள்ளிரவிலும் கட்டலாம். கெடு தாண்டினால் பார்கோடு செல்லாது. ஆர்டர் பெரும்பாலும் தானாகவே ரத்தாகிவிடும், கடன் எதுவும் நிற்காது.

எனக்கு மிகவும் பிடித்தது, கடையை விட்டு வெளியே வந்து கொஞ்ச தூரம் நடப்பதற்குள் "பணம் வந்து சேர்ந்தது" என்று மின்னஞ்சல் வந்துவிடுவதுதான். உண்மையில் அப்போது காசு கடையின் கல்லாவிலேயேதான் இருக்கும். கட்டியாயிற்று என்ற தகவலை மட்டும் கல்லா உடனே அனுப்பிவிடுகிறது, பணம் பின்னால் மொத்தமாகப் போய்ச் சேர்கிறது. 1987-ல் செவன்-இலெவன் டோக்கியோ மின்கட்டணம் வாங்கத் தொடங்கிய காலத்திலிருந்து பழகிய வேலை இது. கடைப் பையன் முதல் நாள் வேலையில் இருந்தாலும் எனக்குத் தடுமாற்றம் வந்ததில்லை.

என் கோபம் முழுக்கப் பணம் திரும்ப வருகிற வழியின் மேல்தான்.

குளிர்காலத்துக்கு ஒரு கோத்தாட்சு மேசை வாங்கினேன், அடியில் ஹீட்டர் வைத்த தாழ்ந்த மேசை. விலை 14,800 யென். வந்த பெட்டியைப் பிரித்து மாட்டினால் ஹீட்டர் சூடேறவே இல்லை. விற்பனையாளர் மறுப்புச் சொல்லாமல் திருப்பி எடுத்துக்கொண்டார், அது அவருடைய நல்ல குணம். ஆனால் கட்டிய கடைக்கு ரசீதோடு போனால் பணம் கிடைக்காது. கடைக்காரர் நம் காசை இன்னொருவர் சார்பாக வாங்கி வைப்பவர் மட்டுமே. அந்த விற்பனையை ரத்து செய்யும் அதிகாரம் அவரிடம் இல்லை. கார்டு என்றால் போன பாதையிலேயே பணம் திரும்பும். கோன்பினிப் பணம் போன பாதை ஒருவழிப் பாதை. திரும்புவதற்குப் பெரும்பாலும் வங்கிக் கணக்கு வேண்டும்.

வங்கிக் கணக்கு என்றதும் நம் பெயர் குறுக்கே வந்து நிற்கிறது. ஜப்பானில் வங்கிப் பரிமாற்றத்துக்குக் கணக்குதாரர் பெயர் கத்தக்கானா எழுத்தில், பாஸ்புக்கில் இருக்கிறபடியே வேண்டும். அப்பா பெயரும் நம் பெயருமாக இருக்கிற நீண்ட தமிழ்ப் பெயரை ஒரு வங்கி ஒரு மாதிரி எழுதும், ஆர்டர் படிவம் இன்னொரு மாதிரி ஏற்கும். பரிமாற்றத்தில் பெயருக்கு 30 எழுத்து இடம்தான். அதிலும் 'க' ஒலியை 'ga' ஆக்கும் குறிகூடத் தனி எழுத்தாகக் கணக்காகும். நான் பாஸ்புக் பக்கத்தைப் படமெடுத்தே அனுப்பினேன். விற்பனையாளர் அலுவலகத்தில் யாரோ ஆர்டரில் இருந்த பெயரைப் போட்டுப் பணம் அனுப்பினார்கள். பெயர் பொருந்தாததால் பணம் அவர்களுக்கே திரும்பிப் போயிற்று. இதைச் சொல்லக்கூட யாரும் எழுதவில்லை, நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். மறுபடி அனுப்பும்போது பரிமாற்றக் கட்டணத்தை என் தொகையிலேயே பிடித்தார்கள். கோன்பினியில் கட்டுவதற்காக முதலில் நான் கொடுத்த சேவைக் கட்டணமும் போனது போனதுதான். பழுதான பொருளுக்கு ஏன் நான் செலவு செய்ய வேண்டும்? இன்றும் எனக்கு ஆறவில்லை.

கார்டே இல்லாத ஒருவர்தான் இந்த முறையை அதிகம் நம்பியிருக்கிறார். வங்கிக் கணக்கு இன்னும் திறக்காதவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்குத் திரும்பும் வழியைத்தான் முதலில் சரிசெய்திருக்க வேண்டும்.

நண்பருக்கு நான் சொன்னது இது: ரயில் டிக்கெட், புத்தகம், அரிசி மாதிரி திருப்பித் தரத் தேவையில்லாததற்கு இதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மின்சாதனம், செருப்பு, துணிக்கு வேண்டாம். கார்டு வரும்வரை அவற்றை நேரில் கடைக்குப் போய் வாங்குங்கள். கட்டிய ரசீதைப் பொருள் வந்து ஒழுங்காக வேலை செய்யும்வரை தூக்கிப் போடாதீர்கள், பணம் கட்டியதற்கு நம் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான்.