தலைப்புக்கு ‘பின்’ குத்தலாமா? ரெஸ்பான்சிவ் தேடல் விளம்பரங்களோடு சில வருட அனுபவம்

2022 ஜூன் 30-க்குப் பிறகு கூகுள் ஆட்ஸில் பழைய விரிவாக்க உரை விளம்பரங்களைப் புதிதாக எழுதவோ திருத்தவோ முடியாமல் போனது. அன்றிலிருந்து ரெஸ்பான்சிவ் தேடல் விளம்பரங்களோடுதான் என் வேலை. ஒரு ஆன்லைன் கணக்கு மென்பொருளுக்கு விளம்பரம் நடத்துகிறேன். இத்தனை காலத்தில் நான் அதிகம் மாற்றி மாற்றிப் பார்த்தது ஒரே விஷயம்தான்: எந்தத் தலைப்பை ஒரே இடத்தில் நிறுத்திவைக்க `pin` என்னும் பின்னைக் குத்துவது, எதைச் சும்மா விடுவது.

இந்த வகை விளம்பரத்தில் 15 தலைப்புகள் வரை கொடுக்கலாம், ஒவ்வொன்றும் 30 எழுத்துக்குள். விவரிப்புகள் 4 வரை. ஒரு தேடலுக்கு அதிகபட்சம் மூன்று தலைப்புகளும் இரண்டு விவரிப்புகளும் தெரியும். எது, எந்த வரிசையில் என்பதைக் கூகுளே முடிவு செய்கிறது. தலைப்புக்கு அருகில் இருக்கும் பின் படத்தை அழுத்தி `Show only in position 1` என்று தேர்ந்தெடுத்தால் அந்தத் தலைப்பு முதல் இடத்தில் மட்டும்தான் வரும். அந்த இடத்துக்கென்று பின் குத்தாத வேறு தலைப்பு எதுவும் அங்கே வராது.

ஆரம்பத்தில் நான் செய்தது பழைய பழக்கத்தில் வந்த தவறு. பழைய விளம்பரத்தின் மூன்று தலைப்புகளை எடுத்து முறையே 1, 2, 3 என்று பின் குத்திவிட்டேன். மீதி 12 தலைப்புகளும் எழுதி வைத்திருந்தேன், ஆனால் அவற்றுக்கு நுழைய இடமே இல்லை. ஆட் ஸ்ட்ரெங்த், அதாவது விளம்பரத்தின் வலிமைக்குக் கூகுள் தரும் மதிப்பீடு, `Poor` என்று காட்டியது. அது சரியான மதிப்பீடுதான் என்று இப்போது புரிகிறது. பின் இல்லாமல் 15 தலைப்புகளை மூன்று இடங்களில் 15 × 14 × 13, அதாவது 2,730 விதமாக அடுக்கலாம். நான் அதை ஒன்றே ஒன்றாகச் சுருக்கியிருந்தேன்.

பிறகு அந்தச் சிவப்புக் குறியைப் பார்க்கப் பிடிக்காமல் எல்லாப் பின்களையும் கழற்றினேன். மதிப்பீடு `Excellent` ஆனது. அப்புறம்தான் உண்மையான பிரச்சினை வந்தது.

அப்போது ஒரு சலுகை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தலைப்பு "முதல் வருடம் பாதி விலை". இன்னொன்று "புதியவர்களுக்கு மட்டும்". இரண்டும் சேர்ந்து வரும் என்ற நினைப்பில் எழுதியவை. ஆனால் கூகுளுக்கு அவை தனித்தனித் தலைப்புகள்தான். சலுகை மட்டும் வந்து நிபந்தனை வராத விளம்பரங்கள் ஏராளமாக ஓடின. எங்கள் பழைய வாடிக்கையாளர்கள் சந்தாவைப் புதுப்பிக்க வந்தபோது பாதி விலை கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை. நாங்கள் காட்டியதைத்தான் கேட்டார்கள். எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது. நிபந்தனையை மறைத்துவிட்டுச் சலுகையைக் காட்டியதாகத்தானே அவர்களுக்குத் தோன்றியிருக்கும்?

விளம்பரத்தின் `Combinations` அறிக்கையைத் திறந்து பார்த்தபோதுதான் காரணம் பளிச்சென்று தெரிந்தது. எந்தத் தலைப்புகள் சேர்ந்து எத்தனை முறை காட்டப்பட்டன என்று அதில் இருக்கும். சலுகைத் தலைப்பு வந்த வரிசைகளில் பெரும்பாலானவற்றில் நிபந்தனை இல்லை. "ஆன்லைன் கணக்கு மென்பொருள்", "கணக்கு மென்பொருள் ஆன்லைனில்" என்று கிட்டத்தட்ட ஒரே வரி பக்கத்தில் பக்கத்தில் நின்ற கூத்தும் அங்கேதான் கண்ணில் பட்டது. பின் குத்துகிறீர்களோ இல்லையோ, மாதம் ஒரு முறையாவது இந்த அறிக்கையைப் பாருங்கள்.

உடனே சலுகையை 1-லும் நிபந்தனையை 3-லும் பின் குத்தினேன். அதுவும் போதவில்லை. மூன்றாவது தலைப்பு எப்போதும் காட்டப்படும் என்ற உத்தரவாதம் இல்லை; இரண்டாவது விவரிப்பும் அப்படித்தான். கட்டாயம் தெரிய வேண்டிய வாசகம் என்றால் தலைப்பின் 1 அல்லது 2-ஆம் இடத்திலோ, விவரிப்பின் முதல் இடத்திலோ இருக்க வேண்டும். மூன்றாம் இடத்தில் பின் குத்திவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் நான் பிடித்துக்கொண்ட வழி எளிமையானது. சலுகையையும் நிபந்தனையையும் பிரிக்கவே கூடாது. "புதியவர்களுக்குப் பாதி விலை" என்று ஒரே தலைப்பாக எழுதினேன். 30 எழுத்துக்குள் அடங்கியது. முழு நிபந்தனையை விவரிப்பாக எழுதி முதல் இடத்தில் பின் குத்தினேன். இப்படிச் செய்ததும் சலுகைத் தலைப்புக்கு எந்தப் பின்னும் தேவைப்படவில்லை. எங்கே வந்தாலும் அது முழுப் பொருளோடு வரும்.

முதல் இடத்துக்கு மட்டும் இன்னும் பின் வைத்திருக்கிறேன். ஆனால் ஒன்றல்ல, மூன்று தலைப்புகளுக்கு. எங்கள் பெயர் உள்ளது ஒன்று, தேடுபவர் தட்டும் சொல்லை ஒட்டியவை இரண்டு. ஒரே இடத்துக்குப் பல தலைப்புகளைப் பின் குத்தினால் அவற்றுக்குள் கூகுள் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். ஒரு தலைப்பை மட்டும் 1-ல் பின் குத்தினால் மீதி 14-ஐ வைத்து 14 × 13, அதாவது 182 வரிசைகள். மூன்று தலைப்புகள் என்றால் 3 × 12 × 11, அதாவது 396. 2,730 எங்கே, 396 எங்கே என்று தோன்றலாம். உண்மையில் அந்த 2,730-ல் பெரும்பாலானவை ஒரு முறைகூடக் காட்டப்படாமலே போகும். எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியம், முதல் இடத்தில் தேடலுக்குப் பொருந்தும் தலைப்பு வர வழி இருப்பதுதான். நிறுவனத்தின் பெயரை மட்டும் அங்கே குத்திவைத்தால் அந்த வழி அடைபடுகிறது.

இந்த அமைப்பில் ஆட் ஸ்ட்ரெங்த் எனக்கு `Average`, நல்ல நாளில் `Good`. அதைத் தாண்டுவதில்லை. முன்பு இது உறுத்தியது, இப்போது இல்லை. அந்த மதிப்பீடு தலைப்புகளின் எண்ணிக்கை, அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன, தேடுசொற்கள் இருக்கின்றனவா போன்றவற்றைப் பார்த்துத் தரப்படுகிறது. ஒவ்வொரு தேடலுக்கும் நடக்கும் விளம்பர ஏலத்தில் விளம்பரத்தின் இடத்தைத் தீர்மானிக்க அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. சலுகை யாருக்கு என்பது வாசகருக்குப் புரிந்ததா என்று அது பார்ப்பதும் இல்லை. அதே சமயம் `Poor` வந்தால் நின்று கவனிக்கிறேன். எழுதிய தலைப்புகள் வெளியே வர இடம் இல்லை என்பதற்கோ, எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன என்பதற்கோ அது பெரும்பாலும் நல்ல அடையாளம்.

பின் உள்ளது, இல்லாதது என இரண்டையும் ஒப்பிட நினைப்பவர்களுக்கு ஒன்று. ஒரே விளம்பரக் குழுவில் இரண்டையும் போட்டுவிட்டு எண்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். காட்சிகள், அதாவது விளம்பரம் காட்டப்படும் முறைகள், சமமாகப் பிரியாது. கூகுள் சீக்கிரமே ஒன்றின் பக்கம் சாய்ந்துவிடும். நான் பரிசோதனை வசதியில் பிரச்சாரத்தையே பாதிப் பாதியாகப் பிரித்து ஆறு வாரம் ஓட்டினேன். பின் இல்லாத பக்கத்தில் கிளிக் விகிதம் கூடுதலாக இருந்தது. அதை மட்டும் பார்த்திருந்தால் பின்னைக் கழற்றியிருப்பேன். ஆனால் அந்தப் பக்கத்தில் ஓடியது நிபந்தனை தனித் தலைப்பாக இருந்த பழைய வாசகம். கூடுதல் கிளிக்குகளில் கணிசமானவை சலுகைக்கு உரியவர்கள் அல்லாதவர்களுடையவை. அதனால் காட்சி ஒன்றுக்கு எத்தனை புதிய சந்தா என்று கணக்கிட்டேன். கிளிக் விகிதமும், கிளிக் செய்தவர்களில் எத்தனை பேர் சந்தா எடுத்தார்கள் என்ற மாற்ற விகிதமும் சேர்ந்த எண் அது. அதில் பின் உள்ள பக்கம் முன்னால் நின்றது.

தனித்தனித் தலைப்புகளின் காட்சி எண்ணிக்கையை ஒப்பிடும்போதும் இதே கவனம் வேண்டும். பின் குத்திய தலைப்புக்குக் காட்சிகள் குவிவது நீங்கள் அதற்கு இடம் ஒதுக்கியதால். அதைப் பார்த்து "இதுதான் நல்ல தலைப்பு" என்று அடுத்த விளம்பரத்திலும் பின் குத்தினால், ஒரு முறைகூடப் போட்டியிடாத தலைப்பு எல்லா இடத்திலும் உட்கார்ந்துவிடும். எனக்கு அப்படி ஒன்று ஏறக்குறைய ஒரு வருடம் உட்கார்ந்திருந்தது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை முதல் இடத்துத் தலைப்பு மூன்றில் ஒன்றைப் பின் கழற்றிப் பொது வரிசையில் விடுகிறேன். அது தானாக எத்தனை முறை காட்டப்படுகிறது என்று பார்த்த பிறகே மறுபடி பின் குத்துகிறேன்.